பாடம் 9: விழாக்கால வாழ்த்து மடலும் பரிசுப் பெட்டியும்

தீபாவளி நெருங்கும்போது தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களிலுள்ள பெரிய தங்கும் விடுதிகள் தம் நிறுவன வாடிக்கையாளர்களுக்கு மடல் அனுப்புகின்றன. தம் அலுவலர்களைத் தங்கவைக்கவும், கூட்டங்கள் நடத்தவும், விருந்தளிக்கவும் அவ்விடுதியை நாடும் நிறுவனங்களே நிறுவன வாடிக்கையாளர்கள் எனப்படுவர். அம்மடல் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்படும். அதன் அமைப்பைத் தமிழில் அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

இம்மடலுக்கு இரண்டு பணிகள் உண்டு. ஒன்று, வாழ்த்தும் நன்றியும் கூறுவது. மற்றொன்று, விடுதியின் சமையற்கூடம் தயாரிக்கும் பரிசுப் பெட்டிகளை நிறுவனம் வாங்கித் தன் பணியாளர்களுக்கு வழங்கலாம் எனத் தெரிவிப்பது. இவ்விரண்டும் கலந்துவிட்டால் வாழ்த்து விளம்பரமாகத் தோன்றும். ஆகவே, முதற்பத்தியில் விலை இடம்பெறுதல் கூடாது. நன்றியையும் பொதுவாகக் கூறாமல், அந்நிறுவனம் விடுதியில் நடத்திய ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டுக் கூற வேண்டும். “தங்கள் ஆதரவுக்கு நன்றி” என்னும் தொடரை யாருக்கும் எழுதலாம். “ஏப்ரலில் தங்கள் ஆண்டுக் கூட்டத்தை எங்கள் அரங்கில் நடத்தியமைக்கு நன்றி” என்பது ஒருவருக்கு மட்டுமே உரியது.

மாதிரி மடல்

புது தில்லி,
28-09-2026.

பெறுநர்:
மனிதவள மேலாளர் அவர்கள்,
(நிறுவனத்தின் பெயர்), குருகிராம்.

பொருள்: தீபாவளி வாழ்த்தும் பரிசுப் பெட்டி விவரமும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சென்ற ஏப்ரல் மாதத்தில் தங்கள் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தை எங்கள் அரங்கில் நடத்தினீர்கள். அதற்கு எங்கள் நன்றி. தங்களுக்கும் தங்கள் பணியாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் எங்கள் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்.

இவ்வாண்டு எங்கள் சமையற்கூடம் பரிசுப் பெட்டிகளைத் தயாரிக்கின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் முந்திரி கத்லி 500 கிராம், வறுத்த பாதாம் 200 கிராம், நெய் பிஸ்கட் 200 கிராம், தேயிலைத் தூள் 100 கிராம், இரண்டு அகல் விளக்குகள் ஆகியன இருக்கும். உண்பொருள்கள் யாவும் சைவம். முந்திரி, பாதாம், பால், கோதுமை ஆகியன சேர்ந்துள்ளன. முந்திரி கத்லி அனுப்பும் நாளன்று காலையில் செய்யப்படும். அந்நாளையும் சேர்த்து ஏழு நாள்களுக்குள் உண்ண வேண்டும்.

ஒரு பெட்டியின் விலை ரூ. 1,500. வரி தனி. அக்டோபர் 24ஆம் நாளுக்குள் எண்ணிக்கையையும் முகவரிகளையும் தெரிவித்தால், நவம்பர் 2 முதல் 6 வரையுள்ள நாள்களில் தாங்கள் கூறும் இடங்களில் பெட்டிகளைச் சேர்ப்போம்.

தங்கள் அன்புள்ள,
(கையொப்பம்)
விற்பனை மேலாளர்.

மடலில் கவனிக்க வேண்டியவை

நாள்: 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்கள் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே மூடப்படலாம். ஆதலால் பெட்டிகள் 6ஆம் நாளுக்குள் சென்றடைய வேண்டும். மிகவும் முன்னதாக அனுப்புவதும் பிழையே. நவம்பர் 2ஆம் நாள் காலையில் செய்த கத்லியின் ஏழாம் நாள் நவம்பர் 8. எனவே அது தீபாவளியன்று உண்ணத் தகுந்தது. அக்டோபர் 29ஆம் நாளே செய்து அனுப்பியிருந்தால் ஏழாம் நாள் நவம்பர் 4ஆம் நாளிலேயே முடிந்திருக்கும். பண்டிகையன்று பெட்டியைத் திறப்பவருக்குக் கெட்ட இனிப்பே கிடைக்கும். கலாகந்து போன்ற பால் இனிப்புகள் இன்னும் விரைவில் கெடுவதால் அவை இத்தகைய பெட்டிக்கு ஏற்றவையல்ல.

நாளைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. தமிழ்நாட்டில் நரக சதுர்த்தசியன்று விடியற்காலையில் எண்ணெய் நீராடித் தீபாவளி கொண்டாடுவர். வடஇந்தியாவில் அமாவாசை மாலையில் இலக்குமி பூசை செய்வர். இவ்விரண்டும் பல ஆண்டுகளில் ஒரே நாளில் அமையும். சில ஆண்டுகளில் ஒரு நாள் வேறுபடும். 2018இல் தமிழ்நாட்டில் நவம்பர் 6ஆம் நாளும், தில்லியில் 7ஆம் நாளும் தீபாவளி கொண்டாடப்பட்டது. சென்னையிலும் கிளையுள்ள நிறுவனத்துக்கு எழுதுவோர், முன்னர் வரும் நாளைக் கணக்கிட்டே பெட்டிகளை அனுப்ப வேண்டும்.

விலை: “வரி தனி” என்னும் இரு சொற்களை எழுதாமல் விட்டால் என்ன நேரும்? 120 பெட்டிகளுக்கு விலை ரூ. 1,80,000. வரி 18 விழுக்காடு எனக் கொண்டால், அது ரூ. 32,400. மொத்தம் ரூ. 2,12,400. மடலில் வரியைப் பற்றி ஒன்றும் இல்லையெனில், வாங்குவோர் ரூ. 1,80,000 மட்டுமே ஒதுக்கியிருப்பர். பட்டியல் வரும்போது வாழ்த்து மறந்து வழக்கு நினைவில் நிற்கும்.

உணவு: இந்தியாவில் விற்கப்படும் சைவ உணவுப் பொதிகளின்மேல் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இடப்படுகின்றது. மடலிலும் அச்செய்தியைச் சொல்லால் தெரிவிப்பது நன்று. முந்திரி, பாதாம் முதலியன சிலர் உடலுக்கு ஒவ்வா. பெட்டியை வாங்குபவர் மேலாளர். அதை உண்பவரோ அவர் அறியாத குடும்பத்தினர். ஆகவே, சேர்ந்துள்ள பொருள்களை மடலிலும் பெட்டியின்மேலும் எழுத வேண்டும்.

பெறுநர்: விடுதியின் பட்டியலில் அரசு அலுவலகங்களும் இருக்கும். 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், அரசு ஊழியர் பரிசு பெறுவதைக் கட்டுப்படுத்துகின்றன. தனியார் நிறுவனங்கள் பலவும் இத்தகைய விதிகளை வகுத்துள்ளன. எனவே, அரசு அலுவலருக்குப் பரிசுப் பெட்டியை அனுப்பாமல் வாழ்த்தை மட்டும் அனுப்புவதே முறை. அம்மடலில் விலைப்பட்டியலும் இருத்தல் கூடாது. பரிசைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் அது சங்கடமாகும்.

அருஞ்சொற்பொருள்

மடல் – கடிதம்
பெறுநர் – கடிதத்தைப் பெறுபவர்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
பொதி – கட்டு, பொட்டலம்
ஒவ்வா – பொருந்தமாட்டா
வழக்கு – இங்கு, சச்சரவு

பயிற்சி

அ. விடை எழுதுக.

1. வாழ்த்து மடலின் முதற்பத்தியில் விலை இடம்பெறாதது ஏன்?
2. பரிசுப் பெட்டியை மிகவும் முன்னதாக அனுப்பினால் என்ன பிழை நேரும்?
3. 2018இல் சென்னைக்கும் தில்லிக்கும் பெட்டிகளை அனுப்பிய விடுதி எந்த நாளைக் கணக்கிட்டிருக்க வேண்டும்? காரணம் கூறுக.

ஆ. கணக்கிட்டு எழுதுக.

ஒரு பெட்டியின் விலை ரூ. 1,000, வரி 18 விழுக்காடு, பெட்டிகள் 50. மொத்தத் தொகை எவ்வளவு? அதனை மடலில் எழுதும் முறையில் ஒரே தொடராக அமைக்க.

இ. பிழை நீக்கி எழுதுக.

“மதிப்பிற்குரியீர், தங்கள் ஆதரவுக்கு நன்றி. பெட்டி ரூ. 1,200 மட்டுமே! உடனே வாங்குங்கள். தீபாவளி வாழ்த்துகள்.”

ஈ. மடல் எழுதுக.

மாதிரி மடலை அனுப்பிய விடுதி, தன்னிடம் கூட்டம் நடத்திய ஓர் அரசு அலுவலகத்துக்கும் வாழ்த்து அனுப்ப விரும்புகின்றது. அம்மடலைப் பத்து வரிகளில் எழுதுக. மாதிரி மடலிலிருந்து எப்பகுதிகளை நீக்கினாய் என்பதையும் இரு வரிகளில் குறிப்பிடுக.