இளையோர் விளம்பர வாசகத்தை முதியோர்க்கு மாற்றியமைத்தல்: யுபிஐ கட்டண விளம்பரம்வழி ஓர் ஆய்வு

முன்னுரை

நகர்ப்புற இளையோரை நோக்கி எழுதப்படும் விளம்பர வாசகம், முதியோரிடம் செல்லும்போது பெரும்பாலும் முன்னிலைச் சொல் மட்டும் மாற்றப்பட்டு மறுபதிப்புப் பெறுகின்றது. அம்மாற்றம் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். 2016-இல் அறிமுகமான யுபிஐ பணப்பரிமாற்ற முறைக்குரிய விளம்பர வாசகம் ஒன்று, ஆய்வின் பொருட்டுக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டு, இங்கு இருமுறை திருத்தப்படுகின்றது.

மூல வாசகம்

"கியூல நிக்காத! ஸ்கேன் பண்ணு, பின் போடு, அவ்ளோதான். இன்னைக்கே ஆரம்பி, கேஷ்பேக் அள்ளு!"

ஒருமை ஏவல், பேச்சு வழக்கு, விரைவு, உடனடி ஆதாயம் ஆகிய நான்கும் இவ்வாசகத்தின் கூறுகள். இளையோர்க்கு இவை நட்பின் குரலாக ஒலிக்கின்றன. எச்சரிக்கை மிக்க முதியவர்க்கோ இவை வேறொன்றை நினைவூட்டுகின்றன. "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, உடனே ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்பதே ஏமாற்றுவோர் கையாளும் தொடர். அவசரம், ஆதாயம், பின் இடுதல் என்னும் மூன்றும் இங்கும் அமைந்துள்ளன. எனவே, முதியவரின் ஐயத்தை அறியாமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. அது சரியான வாசிப்பே ஆகும்.

முதல் திருத்தமும் அதன் குறையும்

"வரிசையில் நிற்க வேண்டாம். வருடுங்கள், மறைவெண் இடுங்கள், அவ்வளவுதான். வயதானவர்களுக்கும் எளிது!"

மரியாதைப் பன்மையும் எழுத்து வழக்கும் வந்துவிட்டன. எனினும், கைபேசித் திரையில் 'யுபிஐ பின்' என்று காண்பவர், 'மறைவெண்' என்பதை அதனோடு பொருத்திப் பார்க்க இயலாது. கலைச்சொல்லாக்கத்தில் அச்சொல் தக்கதாயினும், செயல் விளக்கத்தில் திரைச்சொல்லே முதன்மை பெற வேண்டும். அடுத்து, 'வயதானவர்களுக்கும்' என்பதிலுள்ள உம்மை இழிவு சிறப்பும்மையாக நின்று, படிப்பவரின் திறனைத் தாழ்த்துகின்றது. விரைவை முதன்மைப்படுத்தும் 'அவ்வளவுதான்' என்பதும் மாறாமல் நிற்கின்றது. சரிபார்த்தற்குரிய இடம் வாசகத்தில் இல்லை.

'பின்' என்னும் சொற்சிக்கல்

எச்சரிக்கையைச் சேர்க்க முற்படும்போது தமிழுக்கே உரிய இடர் ஒன்று எழுகின்றது. "பணம் பெறுவதற்குப் பின் தேவையில்லை" என எழுதினால், 'பின்' என்பது 'பிறகு' எனப் பொருள்பட்டு, பணம் பெற்ற பிறகு ஏதோ ஒன்று தேவையில்லை என்றாகிவிடும். வல்லெழுத்து மிகுதல் இம்மயக்கத்தை மேலும் வலுப்படுத்துகின்றது. ஆங்கில எழுத்தில் அச்சிடப்படும்வரை தோன்றாத இம்மயக்கம், தமிழ் எழுத்திற்கு மாறியவுடன் தோன்றுகின்றது. பணத்தைக் காக்க வேண்டிய தொடரே இவ்வாறு பொருள் மயங்குதல் ஆகாது. 'யுபிஐ பின் எண்' என்று எப்போதும் முழுமையாக எழுதுவதும், காலம் குறிக்குமிடத்துப் 'பிறகு' என்பதையே ஆளுவதும் இதற்குத் தீர்வாம்.

இரண்டாம் திருத்தம்

"மருந்துக் கடையில் சில்லறை இல்லையா? உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே செலுத்தலாம். கடையிலுள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். தொகையை இடுங்கள். திரையில் தோன்றும் பெயர் சரிதானா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பிறகு யுபிஐ பின் எண்ணை இடுங்கள். பணம் பெற யுபிஐ பின் எண் தேவையில்லை. அதை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாற்றப்பட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள்."

இங்குக் கேஷ்பேக் நீக்கப்பட்டு, அன்றாடத் தேவை ஒன்று அதனிடத்தைப் பெறுகின்றது. ஒரு தொடருக்கு ஒரு செயல் என்னும் வரையறை பேணப்படுகின்றது. 'முழுப் பாதுகாப்பு' என்னும் உறுதிமொழி வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளது. வாடிக்கையாளர் தாமே இரகசிய விவரத்தைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவரையே சாரும் என ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வரையறுத்தது. ஆதலின், உறுதிமொழியைவிட 'உடனே தெரிவியுங்கள்' என்பதே படிப்பவர்க்குப் பயன் தருவது.

எல்லையும் சோதனையும்

இவ்வாசகம் மூலத்தைவிடப் பன்மடங்கு நீண்டது, சுவரொட்டிக்குப் பொருந்தாது. வங்கிக் கிளையில் கையில் தரும் துண்டறிக்கைக்கே ஏற்றது. எச்சரிக்கையை முதலில் வைத்தால் படிப்பவர் அச்சத்தால் விலகக்கூடும். ஆதலின் பயன், செயல், எச்சரிக்கை, தீர்வு என்னும் வரிசை கொள்ளப்பட்டது. வாசகத்தைச் சோதிக்கும்போது "புரிந்ததா?" என வினவுதல் பயனற்றது, மரியாதை கருதி எவரும் 'ஆம்' என்றே விடையளிப்பர். "ஒருவர் உங்களுக்குப் பணம் அனுப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என வினவுதல் வேண்டும். "பின் எண்ணை இடுவேன்" என்பது விடையாயின், பிழை வாசகத்தினுடையது.

முடிவுரை

மரியாதைப் பன்மை மறுஆக்கத்தின் தொடக்கம் மட்டுமே. படிப்பவரின் ஐயம் எதைச் சுட்டுகின்றதோ, அதற்கு வாசகத்திலேயே விடை அமைதல் வேண்டும். அவ்விடை தமிழ் எழுத்தில் பொருள் மயக்கமின்றி நிற்கின்றதா என்பதை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தல், மறுஆக்கம் செய்வோரின் இறுதிக் கடமையாகும்.