வகுப்பறைக்குள் 11ஆம் உறுப்புரை

கேள்வி: நான் திருகோணமலை நகரில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் 10, 11ஆம் தரங்களுக்குக் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். அடிப்படை உரிமைகள் என்றதும் பிள்ளைகள் உறுப்புரை இலக்கங்களை வரிசை தவறாமல் ஒப்புவிக்கிறார்கள். போன தவணை கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவன், “பிந்தி வந்ததற்கு வெயிலில் முழங்காலில் நிற்க வைத்தால் அது அடிப்படை உரிமை மீறலா, டீச்சர்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளை வைத்தே பாடத்தை நடத்த விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

— ஆசிரியை, திருகோணமலை

பதில்: அந்த மாணவனின் கேள்வியிலேயே தொடங்குங்கள். உறுப்புரை இலக்கங்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒரு சம்பவத்தைக் கேட்டதும் “இதைச் செய்தவர் யார்?” என்று கேட்கப் பிள்ளைகள் முதலில் பழக வேண்டும். நம் பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியில் கடந்துபோகும் விடயம். நீதிமன்றத்திலோ வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின்படி அடிப்படை உரிமை வழக்கு ‘ஆட்சித்துறை அல்லது நிர்வாகத்துறை நடவடிக்கை’க்கு எதிராகத்தான் போடலாம். அரசின் அதிகாரத்தோடு ஒருவர் செய்த காரியம் என்று இதை எளிமையாகச் சொல்லிக்கொடுங்கள். பிறகு பலகையில் இரண்டு சம்பவங்களை எழுதுங்கள். அரசாங்கப் பாடசாலையில் வீட்டுவேலை செய்யாத மாணவியை ஆசிரியர் கன்னத்தில் அறைகிறார். அதே மாணவியை, அதே காரணத்துக்காக, பின்னேர ரியூஷனில் மாஸ்டர் அறைகிறார். வலி ஒன்றுதான், அவமானமும் ஒன்றுதான். முதலாவதில் அரசாங்க உத்தியோகத்தரின் கை இருக்கிறது. உயர் நீதிமன்றம் வரை அடிப்படை உரிமை வழக்காகப் போகலாம். இரண்டாவது சாதாரண குற்றம். பொலிஸில் முறையிடலாம், தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது, ஆனால் 126ஆம் உறுப்புரைக்கு அங்கே வேலையில்லை.

பிள்ளைகள் இதை நியாயமில்லை என்பார்கள். சொல்லட்டும். அப்போது சம்பவத்தை ஒரு படி நீட்டுங்கள். மாணவியின் தாய் பொலிஸுக்குப் போகிறார். மாஸ்டர் ஊரில் பெரிய ஆள் என்பதற்காக முறைப்பாட்டை எழுத மறுக்கிறார்கள். இப்போது யார் செய்தது? பொலிஸ் உத்தியோகத்தர். சட்டத்தின் சமமான பாதுகாப்பை எல்லாருக்கும் உறுதிசெய்யும் 12(1) உறுப்புரை இந்த இடத்தில் கதைக்குள் வந்துவிடுகிறது. இதை ஒரு தடவை தாமாகக் கண்டுபிடித்த பிள்ளை பிறகு மறக்காது.

இனி முழங்கால் விடயம். 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும், கொடூரமான, மனிதாபிமானமற்ற அல்லது இழிவான நடத்துகையையும் தண்டனையையும் தடுக்கிறது. சித்திரவதை என்ற சொல்லைக் கண்டதும் பிள்ளைகளுக்கு இருட்டறையும் விலங்கும்தான் மனதில் வரும். பாடசாலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல உண்மை வழக்கு ஒன்று உண்டு. மாத்தறை மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் ஒருவர் மாணவனை அறைந்தார். அடி காதில் பட்டு அவனுடைய கேட்டல் பாதிக்கப்பட்டது. மாணவனும் பெற்றோரும் 2017இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்தார்கள். 2021 பெப்ரவரியில் நீதியரசர் துரைராஜா எழுதிய தீர்ப்பு 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகக் கூறியது. ஆசிரியர் தன் கையிலிருந்து 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் அந்த மாணவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது.

தொகைகளைப் பலகையில் எழுதிவிட்டு, அறைந்தவர் ஒருவர், அரசு ஏன் அதிகம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த ஆசிரியர் தன் வீட்டு முற்றத்தில் நின்று அறையவில்லை. அரசு கொடுத்த பதவியில், அரசு நடத்தும் வகுப்பில் நின்று அறைந்தார். ‘ஆட்சித்துறை அல்லது நிர்வாகத்துறை நடவடிக்கை’ என்ற கடினமான தொடர் இங்கே பிள்ளைகளுக்குக் கண்முன்னே தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஒவ்வொரு அடியும் 11ஆம் உறுப்புரை மீறல் என்று படிப்பிக்காதீர்கள். நடத்துகை ஓரளவு பாரதூரமாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் பார்க்கும். பிள்ளையின் வயது, எவ்வளவு நேரம், உடலிலும் மனதிலும் என்ன பாதிப்பு, எல்லார் முன்னாலும் இழிவுபடுத்தப்பட்டதா என்பவை எல்லாம் எடைபோடப்படும். ஆகவே உங்கள் மாணவனுக்குச் சரியான பதில் அவனையே மேலும் கேள்வி கேட்பதுதான். எத்தனை மணி வெயில்? எவ்வளவு நேரம்? மயக்கம் வந்ததா? எந்தத் தரத்துப் பிள்ளை? ஐந்து நிமிடம் நிழலில் நின்றதற்கும், 6ஆம் தரத்துப் பிள்ளை பத்து மணி வெயிலில் கல்நிலத்தில் ஒரு பாடவேளை முழுக்க முழங்காலில் இருந்ததற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது உயர் நீதிமன்றம் வரை போகாது. அதற்காக அது சரியென்றும் ஆகாது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் முறையிட அது போதும். சிறு தவறுக்குச் சிறு கதவும் பெரிய மீறலுக்குப் பெரிய கதவும் இருப்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். தெரியாதபோதுதான் எல்லாவற்றுக்கும் “வழக்குப் போடுவேன்” என்கிறார்கள், அல்லது எதற்குமே வாய் திறப்பதில்லை.

சில உரிமைகளுக்கு எல்லை போடலாம், சிலவற்றுக்கு முடியாது என்பது அடுத்த படி. 10ஆம் உறுப்புரையிலுள்ள சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்துக்கும், நாம் பேசிய 11ஆம் உறுப்புரைக்கும் 15ஆம் உறுப்புரை எந்தக் கட்டுப்பாட்டையும் அனுமதிக்கவில்லை. இந்த இரண்டையும் திருத்துவதற்கே பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் தேவை. “ஒழுக்கத்துக்காகத்தான் அடித்தேன்” என்பது 11ஆம் உறுப்புரைக்கு முன்னால் எடுபடாது. ஆனால் ஒருவர் தன் மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றும் 14(1)(உ) உரிமையும் பேச்சுச் சுதந்திரமும் வேறு வகை. பொது ஒழுங்கு, பிறருடைய உரிமைகள் போன்ற காரணங்களுக்காக, சட்டத்தினால் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு அவற்றுக்கு இருக்கலாம். ‘சட்டத்தினால்’ என்ற சொல்லைக் கோடிட்டுக் காட்டுங்கள். ஒருவர் வாயால் போட்ட உத்தரவு சட்டம் ஆகாது.

இதற்கு உங்கள் ஊரிலேயே சம்பவம் இருக்கிறது. 2024 ஜனவரியில் நடந்த உயர் தரப் பரீட்சையில் திருகோணமலை ஸாஹிரா கல்லூரியின் 70 மாணவியர் காதுகளை மறைத்துத் தலையை மூடியிருந்தார்கள் என்று சொல்லப்பட்டு, மே மாத இறுதியில் முடிவுகள் வெளியானபோது அவர்களுடைய பெறுபேறுகள் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பிறகே அவை வெளியிடப்பட்டன. காதில் கருவி வைத்து விடை கேட்கலாம் என்பது பரீட்சை மண்டபத்தின் கவலை. தலையை மூடுவது அந்தப் பிள்ளைகளின் மதக் கடைப்பிடிப்பு. பக்கத்து மேசையில் நேர்மையாக எழுதும் பிள்ளைக்கும் ஓர் உரிமை உண்டு.

இதை வகுப்பில் விவாதமாக நடத்தும்போது, முஸ்லிம் மாணவியிடம் “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்காதீர்கள். ஒரு சமூகத்தின் சார்பில் பேசும் பாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. பாத்திரங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிக் கொடுங்கள்: மண்டப மேற்பார்வையாளர், பரீட்சார்த்தி, பக்கத்து மேசைப் பிள்ளை, திணைக்கள அதிகாரி. தமிழ்ப் பையனுக்குப் பரீட்சார்த்தியின் சீட்டும் முஸ்லிம் மாணவிக்கு அதிகாரியின் சீட்டும் விழட்டும். உங்கள் தீர்ப்பை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அதையே விடையாக எழுதுவார்கள்.

வாதம் சூடேறியதும் ஒரு கேள்வியை நடுவில் வையுங்கள்: களவைத் தடுக்க இதைவிடக் குறைவாக நோகடிக்கும் வழி இருந்ததா? பரீட்சை தொடங்குமுன் பெண் உத்தியோகத்தர் ஒருவர் தனியாகக் காதைப் பார்த்திருக்கலாம் என்று யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் சொல்லும். சந்தேகம் வந்திருந்தால் மண்டபத்திலேயே சோதித்திருக்கலாமே, மாதங்கள் கழித்து 70 பேருக்கும் ஒன்றாக ஏன் என்று இன்னொரு பிள்ளை கேட்கும். என் கருத்தும் அதுதான். தனித்தனியாகப் பார்க்காமல் ஒரு கூட்டம் முழுவதையும் சந்தேகித்தது 12ஆம் உறுப்புரையோடு பொருந்தாது. 2018இல் உங்கள் நகரில் ஆசிரியைகளின் அபாயா ஆடை பற்றி எழுந்த தகராறை இப்போதைக்கு எடுக்காதீர்கள். அதில் வகுப்பிலுள்ள பிள்ளைகளின் உறவினர்களே சம்பந்தப்பட்டிருக்கக்கூடும்.

பாடப்புத்தகம் குறைத்துச் சொல்லும் இன்னொன்று காலக்கெடு. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனு போக வேண்டும். கொழும்புக்குப் போய் வழக்கறிஞரைப் பிடிக்க எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் கணக்கிடப்படாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடப்பதைக் காட்ட வேண்டும் என்று சில வழக்குகளில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே கடிதத்தின் பிரதியையும் ஆணைக்குழு தந்த இலக்கத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறையிடக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அது தண்டிக்காது, விசாரிக்கும், சமரசம் செய்யும், பரிந்துரைக்கும்.

கடைசியாக ஒன்று. இப்படிச் சம்பவங்களை வைத்துப் படிப்பித்தால், ஒரு நாள் ஒரு பிள்ளை தன் சொந்தச் சம்பவத்தைச் சொல்லும். அல்லது “என்னுடைய நண்பனுக்கு நடந்தது” என்று தொடங்கும். அப்போது விவாதத்தை நிறுத்துங்கள். எல்லார் முன்னாலும் விசாரிக்காமல், பாடம் முடிந்ததும் தனியாகக் கேளுங்கள். நடந்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள், காயமிருந்தால் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தைக் கொடுங்கள். அந்த ஒரு மாதம் பிள்ளை உங்களிடம் சொன்ன நாளிலிருந்து தொடங்குவதில்லை. சம்பவம் நடந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.