இகாமா புதுப்பிக்கத் தாமதமானால்: மருத்துவமனைக் காரணத்தை எழுதும் முறை

ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிக்கும் நம் ஊர்க் குடும்பங்களிலிருந்து அவ்வப்போது ஒரே மாதிரியான கேள்வி வருகிறது. வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டார். அந்தக் கவலையில் இகாமா தேதி கடந்துபோனது. இப்போது அபராதம் ஏறி நிற்கிறது. குடியேற்றத் துறைக்கு என்ன எழுதுவது?

பெரும்பாலானோர் முதலில் எழுதுவது இரண்டு வரிதான்: "என் தாயார் மருத்துவமனையில் இருந்ததால் தாமதமாகிவிட்டது. தயவுகூர்ந்து அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும்." இதில் பொய் இல்லை. ஆனால் படிக்கும் அதிகாரிக்கு இது போதாது. மருத்துவமனையில் இருந்தது தாயார். புதுப்பிக்க வேண்டியவரோ ஸ்பான்சரான மகன். அவர் ஏன் முடிக்கவில்லை என்ற கேள்விக்கு அந்தக் கடிதத்தில் பதிலே இல்லை.

பதில் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவரின் இகாமாவைப் புதுப்பிக்க மெடிக்கல் ஃபிட்னஸ் எடுத்தாக வேண்டும்: ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும். அதற்கு ஆள் நேரில் போக வேண்டும். படுக்கையில் இருப்பவரால் அது முடியாது. மகன் எவ்வளவு ஓடினாலும் அந்த ஒரு படியில் வேலை நின்றுவிடும். மருத்துவமனையில் இருந்தார் என்பதோடு நிறுத்தாமல், எந்தப் படி எதனால் நின்றது என்று எழுதுவதுதான் கடிதத்தின் உயிர்.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். தேதிகளை மட்டும் மாற்றியிருக்கிறோம். சார்ஜாவில் வேலை செய்யும் மகன் தன் உம்மாவை ஸ்பான்சர் செய்து வைத்திருக்கிறார். பெற்றோர் விசா ஓராண்டுக்குத்தான் தருவார்கள். அது ஜனவரி 5-ல் முடிகிறது. டிசம்பர் 28-ல் உம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிப்ரவரி 20-ல் வீட்டுக்கு வந்தார். மார்ச் 31 வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஏப்ரல் 2-ல் சக்கர நாற்காலியில் அழைத்துப் போய் மெடிக்கல் எடுத்தார்கள். காப்பீட்டு நிறுவனம் நோய் விவரம் கேட்டு இழுத்ததில் பாலிசி கைக்கு வர ஏப்ரல் 12 ஆனது. ஏப்ரல் 15-ல் விண்ணப்பம் போட்டார்.

இங்கே இரண்டு அபராதங்கள் தனித்தனியே ஓடுகின்றன. முதலாவது எமிரேட்ஸ் ஐடி, நம்மவர் சொல்லும் பத்தாக்கா. காலாவதியாகி 30 நாள் கழிந்ததும் நாளுக்கு 20 திர்ஹம். 1,000 திர்ஹத்துக்கு மேல் ஏறாது. பிப்ரவரி 5-ல் தொடங்கி மார்ச் 26-ல் அது உச்சத்தைத் தொட்டுவிட்டது. இரண்டாவது இகாமாவுக்கானது. சலுகைக் காலம் முடிந்தபின் நாளுக்கு 50 திர்ஹம். சலுகைக் காலம் விசாவின் வகைக்கேற்ப மாறும். ஊகிக்காமல் உங்கள் கோப்பில் பாருங்கள். இவருக்கு 60 நாள் இருந்தது. அதனால் மார்ச் 7 முதல் ஏப்ரல் 15 வரை 40 நாள், 2,000 திர்ஹம். மொத்தம் 3,000.

இனி மருத்துவச் சான்றை இந்தத் தேதிகளின் மேல் வைத்துப் பாருங்கள். சான்று மார்ச் 31 வரை பேசுகிறது. பத்தாக்கா அபராதம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. படுக்கையில் இருப்பவருக்குச் சான்றளித்த மருத்துவ அறிக்கையின் பேரில் இந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு என்பது விதியிலேயே இருக்கிறது. இகாமா அபராதத்தில் 25 நாள் அடங்குகிறது, 1,250 திர்ஹம். இதில் தள்ளுபடி அதிகாரியின் முடிவு. மீதி 15 நாளும் 750 திர்ஹமும் சான்றுக்கு வெளியே நிற்கின்றன.

அந்த 15 நாளையும் மருத்துவமனைக் கணக்கில் சேர்த்து எழுதிவிடலாமே என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றோம். வீட்டுக்கு அனுப்பிய தேதி மருத்துவமனை அறிக்கையிலேயே இருக்கிறது. கடிதம் ஒரு தேதியும் அறிக்கை வேறொரு தேதியும் சொன்னால், உண்மையான 25 நாளும் சந்தேகத்துக்கு ஆளாகும். அந்த நாட்களில் நடந்ததை நடந்தபடி எழுதி, காப்பீட்டு நிறுவனத்தின் மின்னஞ்சல்களை இணைத்தால் போதும்.

கடிதம் இப்படி அமைந்தது:

"பொருள்: என் தாயாரின் இகாமா தாமதமாகப் புதுப்பிக்கப்படுவது குறித்து. பாஸ்போர்ட் எண், எமிரேட்ஸ் ஐடி எண், கோப்பு எண் கீழே உள்ளன.

என் தாயாரின் இகாமா ஜனவரி 5-ல் முடிந்தது. அதற்கு முன்பே, டிசம்பர் 28-ல், பக்கவாதத்தால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு, பிப்ரவரி 20 வரை அங்கிருந்தார். மார்ச் 31 வரை படுக்கையில் இருந்தார். இக்காலத்தில் அவரை மெடிக்கல் ஃபிட்னஸ் மையத்துக்கு அழைத்துச் செல்ல இயலவில்லை. சான்றளித்த மருத்துவ அறிக்கை இணைப்பு 1.

ஏப்ரல் 2-ல் பரிசோதனை முடிந்தது. காப்பீடு ஏப்ரல் 12-ல் கிடைத்தது (இணைப்பு 2). ஏப்ரல் 15-ல் விண்ணப்பித்தேன்.

மார்ச் 31 வரையிலான நாட்களுக்கு உரிய அபராதத்திலிருந்து விலக்கு வேண்டுகிறேன். அதற்குப் பிந்திய 15 நாட்களைத் தங்கள் முடிவுக்கு விடுகிறேன்."

அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம், கடன், மகனின் சம்பளம் எதுவும் இதில் இல்லை. அவற்றை எழுதினால் தேதிகள் கண்ணில் படாமல் போகும்.

இணைப்பு 1 பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வைக்காதீர்கள். அது அடுத்த மருத்துவருக்காக எழுதப்படுவது. மருந்தும் பரிசோதனையும் நிறைந்திருக்கும், 'நடமாட இயலாதவர்' என்ற வரி பெரும்பாலும் இருக்காது. மருத்துவ அறிக்கை என்று தனியாகக் கேளுங்கள். சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, எந்தத் தேதி வரை வெளியே செல்ல இயலாது என்ற மூன்றும், மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் அதில் வேண்டும். பிறகு அதைச் சுகாதாரத் துறையிடம் சான்றளிக்கக் கொடுக்க வேண்டும். துபாயில் துபாய் சுகாதார ஆணையம், அபுதாபியில் அங்குள்ள சுகாதாரத் துறை, மற்ற எமிரேட்டுகளில் சுகாதார அமைச்சகம்.

நம்மவருக்கு வரும் தனித் தொல்லை பெயர். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் சேர்ந்து நீளமாக இருக்கும். மருத்துவமனையில் அவசரத்தில் 'பாத்திமா' என்று மட்டும் பதிந்திருப்பார்கள், எழுத்தும் வேறாக இருக்கும். அறிக்கை வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி, பெயரைத் திருத்தி, ஐடி எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். முத்திரை விழுந்தபின் திருத்துவது பெரும் அலைச்சல்.

கடிதத்தை டைப்பிங் சென்டரில் அரபியில் அடித்துத் தருவார்கள். அரபி படிக்கத் தெரியாவிட்டாலும் எண்களை நீங்களே சரிபார்க்கலாம். 5/1 என்பது மே முதல் தேதியாக மாறிவிடாதிருக்க, மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். துபாய் விசா என்றால் விண்ணப்பம் ஆமர் மையம் வழியாகத் துபாய் குடியேற்றத் துறைக்குப் போகும். மற்ற எமிரேட்டுகளுக்கு UAEICP செயலி அல்லது அதன் தளம்.

நோய்வாய்ப்பட்டது ஊருக்கு வந்திருந்தபோது என்றால் வேலை கூடும். அமீரகம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லாததால், இந்திய மருத்துவமனை அறிக்கைக்கு நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பின்பு அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரைகள் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் இகாமா தேதி மீதமிருந்தாலும் அப்படியே திரும்ப நுழைய முடியாது. காரணத்தைச் சொல்லி நுழைவு அனுமதி பெற வேண்டும். அதற்கும் இதே அறிக்கைதான் ஆதாரம். ஆகவே ஊரில் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் அன்றே, முத்திரையிட்ட அறிக்கையில் இரண்டு அசல் பிரதிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.