பத்தும் ஒன்பதும் பத்தொன்பது இல்லையா?

கேள்வி: சிங்கப்பூர் உணவகம் ஒன்றில் 40 வெள்ளிக்குச் சாப்பிட்டோம். சேவைக் கட்டணம் 10%, ஜிஎஸ்டி 9%. மொத்தம் 19% என்று 47.60 எதிர்பார்த்தேன். பில் 47.96 என்று வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, பில் சரிதான். உணவகம் முதலில் 40 வெள்ளிக்கு 10% சேவைக் கட்டணமாக 4 வெள்ளி சேர்க்கிறது. இப்போது தொகை 44. ஜிஎஸ்டி இந்த 44-க்குத்தான் கணக்கிடப்படுகிறது: 3.96. நீங்கள் 40-க்கு மட்டும் வரி போட்டீர்கள். சேவைக் கட்டணமும் வரிக்கு உட்பட்டது என்பதால், அந்த 4 வெள்ளிக்கு உரிய வரி 36 காசு கூடுதலாக வந்தது.

ஆக, மெனு விலைக்கு மேல் நீங்கள் உண்மையில் கொடுப்பது 19.9%. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் "++" என்று இருந்தால் இந்த இரண்டும் இனிமேல்தான் சேரும் என்று பொருள். விலையை 1.199-ஆல் பெருக்கிப் பாருங்கள். அவசரத்துக்கு 20% கூட்டினாலே போதும். 2023-இல் ஜிஎஸ்டி 8% ஆக இருந்தபோது இது 18.8%. வரி ஒரு புள்ளி ஏறினால் உங்கள் பில் 1.1 புள்ளி ஏறும்.

தள்ளுபடி கிடைத்த நாளில் மட்டும் பில்லைக் கவனமாகப் பாருங்கள். 40 வெள்ளியில் 10 தள்ளுபடி என்றால் 30-க்கு 35.97 வர வேண்டும். அதைத் தாண்டினால், சேவைக் கட்டணத்தைத் தள்ளுபடிக்கு முந்தைய 40-க்கே போட்டிருக்கக்கூடும். பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.