சிரிப்பு எங்கே இருக்கிறது?

பள்ளி ஆண்டுமலரின் நகைச்சுவைப் பக்கத்திற்காக எழுதப்பட்ட வரைவு ஒன்றைக் காண்போம்.

மனைவி: தள்ளுபடி விற்பனையில் இன்று இரண்டாயிரம் ரூபாய் மிச்சப்படுத்திவிட்டேன்!
கணவன்: எங்கே அந்த இரண்டாயிரம்?
மனைவி: அதை மிச்சப்படுத்தத்தான் ஐயாயிரம் செலவாகிவிட்டதே!
கணவன்: பெண்புத்தி பின்புத்தி என்று சும்மாவா சொன்னார்கள்!

நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. எள்ளலும் பேதைமையும் அவற்றுள் அடங்கும். மேற்கண்ட வரைவில் நகைக்குக் காரணம் பேதைமையே: செலவு செய்தவர் அதைச் சேமிப்பு என்று நம்புகிறார். தள்ளுபடி அறிவிப்பைக் கண்டு மயங்கும் எவருக்கும் நேரக்கூடியது இது. ஆனால் ஒரு கணத்தில் ஒருவருக்கு நேர்ந்த பேதைமையை, இறுதி அடி ஒரு பாலினம் முழுமைக்கும் உரிய இயல்பாக்கிவிடுகிறது. அந்த அடியை நீக்கினாலும் நகை குறைவதில்லை. மூன்றாம் அடியிலேயே அது முடிந்துவிட்டது.

அப்படியானால் இறுதி அடியை மட்டும் நீக்கிவிட்டு, ‘மனைவி’, ‘கணவன்’ என்பவற்றை ‘நண்பர்கள்’ என மாற்றினால் போதுமா? அவ்வாறு செய்து உரக்கப் படித்துப் பாருங்கள். குறை ஏதும் தெரியாது. எனினும் சற்றுச் சப்பென்றிருக்கும். ‘மனைவியர் வீண்செலவு செய்பவர்’ என்று படிப்பவர் மனத்தில் முன்பே இருந்த எண்ணம், எழுதியவர் செய்ய வேண்டிய வேலையில் பாதியைச் செய்துகொண்டிருந்தது. அந்த எண்ணம் விலகியதும் அதன் இடம் வெற்றிடமாகிறது. அதை ஒரு செயலால் நிரப்ப வேண்டும். ஐயாயிரம் செலவானபின் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

“தள்ளுபடியில் இன்று இரண்டாயிரம் ரூபாய் மிச்சப்படுத்திவிட்டேன்!”
“பிறகு ஏன் வீட்டுக்கு நடந்தே வருகிறாய்?”
“பேருந்துக்குப் பணம் இல்லை.”

ஐயாயிரம் என்ற எண்ணும் இப்போது தேவைப்படவில்லை. நடை ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பேசுவோர் ஆணா பெண்ணா என்று கேட்கவும் தோன்றுவதில்லை.

இரண்டாவது வரைவு இன்னும் கவனத்திற்குரியது. அதில் ஒரு செல்வர் தம் பட்டுச் சட்டையைக் காணாமல் தேடுகிறார். சாதிப்பெயரால் சுட்டப்படும் சலவைத் தொழிலாளி ஒருவர், “அது திருமணத்திற்குப் போயிருந்தது ஐயா, நான்தான் அழைத்துச் சென்றேன்” என்கிறார். சாதிப்பெயரை அடித்துவிட்டு, ‘சலவைத் தொழிலாளி’ என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றே பலரும் முதலில் எண்ணுவர். ஆனால் தொழிலைப் பிறப்போடு பிணைத்து வைத்திருந்த சமூகத்தில் தொழிற்பெயரே சாதிப்பெயரின் வேலையைச் செய்துவிடும். பேச்சுவழக்கு, உணவு, குடியிருப்பின் பெயர் ஆகியனவும் அதே வாயில் வழியாகச் சாதியை மீண்டும் உள்ளே கொண்டுவரும்.

வினைமுற்றுகளையும் பார்க்க வேண்டும். வரைவில் செல்வர் ‘கேட்டார்’; தொழிலாளி ‘சொன்னான்’. பெயரைத் திருத்தியவர் விகுதியைத் திருத்த மறந்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. யார் மேல், யார் கீழ் என்பதை ‘ஆர்’, ‘ஆன்’ ஆகிய விகுதிகளே காட்டிக்கொடுத்துவிடும். திருத்தியபின் வினைமுற்றுகளை மட்டும் தனியே அடிக்கோடிட்டுப் படித்தால் இப்பிழை உடனே புலப்படும்.

இவ்வரைவின் மையம், பிறருடைய உடையில் ஒருவர் பெருமை கொள்வதாகும். சமநிலையில் உள்ள இருவரிடையே அதை நிறுத்தினால் எவர் மீதும் இழிவு ஏறாது. ஆகவே அண்ணன் தம்பியாக மாற்றுவோம்.

திருமண வீட்டில் தம்பியின் பட்டுச் சட்டையைப் பார்த்தவர்கள் எல்லாரும், “சட்டை மிக அழகு!” என்றார்கள். ஒவ்வொரு முறையும் “நன்றி” என்று சொன்னவன், அருகில் பழைய சட்டையில் நின்றிருந்த அண்ணன்.

இரவல் என்ற சொல்லே இதில் இல்லை. அண்ணனின் ‘நன்றி’யிலிருந்து சட்டை யாருடையது என்பதைப் படிப்பவரே கண்டுபிடிக்கிறார். அந்தக் கண்டுபிடிப்பில்தான் சிரிப்பு இருக்கிறது. ‘இரவல் வாங்கிய சட்டையுடன் தம்பி வந்தான்’ என்று தொடங்கியிருந்தால் அது கெட்டுப்போயிருக்கும்.

எல்லா வரைவுகளும் இவ்வாறு பிழைப்பதில்லை. ‘முன்னால் செல்லும் வண்டியை ஓட்டுவது ஒரு பெண், விலகிச் செல்லுங்கள்’ என்பதும் அதே ஆண்டுமலருக்கு வந்த வரைவுதான். அதில் ‘ஒரு பெண்’ என்பதை நீக்கி ‘ஒருவர்’ என்று எழுதிப் பார்த்தால், ஒருவர் வண்டி ஓட்டுகிறார் என்ற செய்தி மட்டுமே எஞ்சுகிறது. அங்கே காப்பாற்றுவதற்கு மையம் என ஒன்று இல்லை. மலர்க்குழு அதனை வெளியிடாமல் விட்டுவிட்டது.