போட்டோவில் வந்த பிளானும் படிக்கு அடியில் இருந்த பாத்ரூமும்

தங்கை வீடு கட்டுகிறாள். இன்ஜினியர் மேஜையில் விரித்திருந்த பிளானைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “அண்ணா, ஹாலுக்குக் கிழக்குப் பக்கம் ஜன்னலே இல்லையே?” என்று கேட்டாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். பிளானில் சுவர் என்பது இரண்டு கோடு. 9 அங்குலச் சுவருக்கு நடுவில் இடைவெளி அதிகம், நாலரை அங்குலத் தடுப்புக்குக் குறைவு. அந்த இடைவெளிக்குள் மெல்லிய கோடுகள் இணையாக ஓடினால் ஜன்னல். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கியதில் அந்தக் கோடுகள் ஒட்டிக் கறுப்புப் பட்டையாகி, வெறும் சுவர் போலவே தெரிந்தது. பக்கத்தில் மங்கலாக W1 என்று இருந்ததால் பிழைத்தோம். அதன்பிறகு கோட்டைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைத் தேடுகிறேன். படம் சாய்ந்திருந்தால் கேமராவுக்குக் கிட்டே உள்ள சுவர் தடித்துத் தெரியும் என்பதால், ஸ்கேல் வைத்து அளக்காமல் எழுதியிருக்கும் அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அவளுடைய அடுத்த கேள்வி மாடிப்படி. “எட்டே படிதான் போட்டிருக்கு, அதுக்கப்புறம் பாத்ரூம் வருது!”

தளத்திலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் வீட்டைக் குறுக்கே அறுத்து, மேலிருந்து பார்ப்பதுதான் பிளான். படி ஒன்றுக்கு 6 அங்குலம் என்றால் எட்டாவது படியில் 4 அடி வந்துவிடும். அங்கே ஒரு சாய்ந்த வெட்டுக்கோடு போட்டு நிறுத்திவிடுவார்கள். UP என்ற அம்புக்குறி ஏறும் திசையைக் காட்டும். தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். ஆக மொத்தம் 20 ஏற்றம். பத்து ஏறியதும் லேண்டிங், அங்கே திரும்பி இன்னொரு பத்து. அந்த இரண்டாவது வரிசைக்கு அடியில்தான் பாத்ரூம்.

என்னை உறுத்தியது கதவு. சுவரில் விட்ட இடைவெளியில் ஒரு நேர்கோடும் கால் வட்டமும் இருக்கும். கோடு கதவு, வளைவு அது திறக்கும் வழி, கோடு சுவரைத் தொடும் முனையில் கீல். பாத்ரூம் கதவின் வளைவு லேண்டிங் ஓரமாக இருந்தது. லேண்டிங் உயரம் 5 அடி, கான்கிரீட் கனத்தைக் கழித்தால் அடியில் நாலரை அடிதான் மிஞ்சும். அங்கிருந்து நாலு படி தாண்டினால்தான் ஆள் நிமிர்ந்து நிற்க முடியும். கதவைத் திறந்ததும் தலை இடிக்கும்!

கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்து அவளை அனுப்பினேன். இன்ஜினியர் மறுக்கவில்லை. கதவை உயரமான முனைக்கு மாற்றி, தாழ்ந்த பக்கத்தில் வாளி வைக்க இடம் விட்டார். இந்த முறை படமாக இல்லாமல் பிடிஎஃப் கோப்பாகவே வந்தது. கிழக்கு ஜன்னலின் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன.