லைட்டுக்கு ஒரு ஸ்பெல்லிங், கைட்டுக்கு வேற ஸ்பெல்லிங்

தங்கச்சி, ரெண்டாம் வகுப்பு படிக்கிற உன் பொண்ணுக்கு ஸ்பெல்லிங் பீ பட்டியல் வந்திருக்கு, இங்கிலீஷ் ஒலிம்பியாட்டுக்கும் பேர் கொடுத்தாச்சுன்னு போன்ல சொன்னே. பின்னால 'எல், ஐ, ஜி, ஹெச், டி... லைட்'னு அவ ராகம் போட்டு ஒப்பிக்கிறதும் கேட்டுச்சு. என் பையனையும் நான் அப்படித்தான் ஒப்பிக்க வெச்சேன். மேடையில அவன்கிட்ட 'கைட்' கேட்டாங்க. 'கே, ஐ, ஜி, ஹெச், டி'ன்னு தயங்காம சொல்லிட்டு இறங்கி வந்துட்டான். முந்தின வாரம் முழுக்க லைட், நைட், ரைட், ஃபைட்னு ரைமிங் வார்த்தைகளா அடுக்கிப் படிக்க வெச்சது நான்தான். ஒரே மாதிரி ஒலிச்சா ஒரே மாதிரி எழுதணும்னு குழந்தை எடுத்துக்கிட்டான். அது எங்க பிசகுச்சுன்னு கண்டுபிடிச்சு நான் மாத்தினதை உனக்குச் சொல்றேன்.

முதல்ல ஒலியைச் சரி பண்ணு. போனிக்ஸ் சொல்லித் தர்றப்ப நாம 'ப, ட, க'ன்னு சொல்லிடுறோம். அதுலயே ஒரு 'அ' ஒட்டிக்கிட்டு வருது. 'க, ஏ, ட'ன்னு தனித்தனியா சொன்ன குழந்தைக்கு அதைச் சேர்த்து பூனைக்கு வர்ற 'கேட்' ஆக்கத் தெரியாது. அவளுக்குத்தான் தமிழ்ல மெய்யெழுத்து தெரியுமே! புள்ளி வெச்சுச் சொல்லச் சொல்லு: க், ஏ, ட். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகிற மாதிரிதான் போனிக்ஸ்லயும் ஒலிகள் சேருது. அதே போல 'லைட்டு', 'புக்கு'ன்னு கடைசியில 'உ' போடுற பழக்கத்தையும் நிறுத்து. 'லைட்'னு சொல்லி முடிக்கிறப்ப நாக்கு நுனி மேலே ஒட்டின இடத்துலயே நிக்கணும். வாய் திறந்து 'டு'ன்னு வந்தா, கடைசி எழுத்துக்கு அப்புறமும் ஏதோ ஒண்ணு இருக்குன்னு அவளுக்குத் தோணும்.

தமிழ் எழுத்து உதவாத இடமும் இருக்கு. பூனையும் 'கேட்', வாசல் கதவும் 'கேட்'. பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்'. மேடையில எழுத்தைச் சொல்றப்பவும் பன்றிக்கு முதல்ல வர்ற 'பி'யும் பெரியதுக்கு முதல்ல வர்ற 'பி'யும் நடுவர் காதுக்கு ஒண்ணாவே கேக்கும். இதுக்குக் காலண்டர் தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழிச்சு, அவ உதட்டுக்கு முன்னால தொங்க விடு. பன்றியோட 'பி' சொன்னா தாள் படபடன்னு ஆடணும், பெரியதோட 'பி'க்கு அவ்வளவா அசையக் கூடாது. ரெண்டுக்கும் தாள் சும்மா இருந்தா, அவ ரெண்டையும் ஒரே ஒலியா சொல்றான்னு அர்த்தம். டேபிளுக்கு வர்ற 'டி', டாகுக்கு வர்ற 'டி' ரெண்டையும் இதே தாளை வெச்சே பாத்துடலாம். பேனாவைக் குறிக்கிற 'பென்', சட்டியைக் குறிக்கிற 'பேன்' இதுக்குத் தாள் வேண்டாம். தாடைக்குக் கீழே கையை வெச்சுப் பாரு. சட்டிக்குத் தாடை நல்லா கீழே இறங்கணும்.

இப்போ அந்தக் கைட் சமாச்சாரத்துக்கு வர்றேன். ரைமிங் வார்த்தைகள் ஒரே ஒலி வீட்டைச் சேர்ந்தவை. ஆனா ஒரு வீட்டுக்குள்ள எழுத்துப்படி ரெண்டு அறை இருக்கலாம். லைட், நைட், ரைட், ஃபைட், பிரைட் ஒரு அறை. கைட், பைட், வைட் இன்னொரு அறை. ரெண்டாவது அறை சுலபம். 'கே, ஐ, டி' எழுது, அது 'கிட்'. கடைசியில ஒரு 'ஈ' போடு, நடுவில இருக்கிற 'ஐ' தன் பேரையே சொல்ல ஆரம்பிச்சு 'கைட்' ஆயிடும், கடைசி 'ஈ' மட்டும் சத்தமே போடாது. 'பிட்'டும் இதே மாதிரி 'பைட்' ஆகும். இதை மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல, கட்டிக்கிட்டே போகலாம்.

முதல் அறைக்கு வேற வழி. 'ஜி, ஹெச்' ரெண்டும் சும்மா நிக்குதுன்னு சொல்லாதே. 'ஐ, ஜி, ஹெச்' மூணும் கை கோத்துக்கிட்டு 'ஐ'ங்கிற ஒரே ஒலியைத் தருதுன்னு சொல்லு. உயரம்னு அர்த்தம் வர்ற 'ஹை' அந்த மூணோடயே முடியுது, கூட 'டி' சேர்ந்தா லைட் அறை. பழைய இங்கிலீஷ்ல அந்த இடத்துல தொண்டையில உரசுற ஒரு ஒலியைச் சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க. பேச்சுல அது தேய்ஞ்சு போச்சு, எழுத்துல நின்னு போச்சு. என் பையன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னதுக்கு அப்புறம் அவன் 'ஹெச்'சை விட்டதே இல்ல.

ரெண்டு அறையையும் ஒரே நாள்ல நடத்தாதே. திங்கள், செவ்வாய் கைட் அறை. புதன், வியாழன் லைட் அறை. ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை, பத்து நிமிஷம். வார்த்தையைப் பாக்கணும், சொல்லணும், கையால மூடணும், எழுதணும், திறந்து சரி பாக்கணும். வெள்ளிக்கிழமை நோட்டுல நடுவில ஒரு கோடு போட்டு, ரெண்டு அறை வார்த்தைகளையும் கலந்து சொல்லு. எந்தப் பக்கம் எழுதணும்னு அவளே முடிவு பண்ணட்டும். என் பையன் முதல் வாரம் 'வைட்'டை லைட் பக்கம் எழுதினான். தப்பான வார்த்தையைப் பத்து தடவை எழுத வைக்காம, 'வெள்ளைப் பட்டம்'னு ரெண்டு வார்த்தையையும் சேர்த்து 'வைட் கைட்'னு ஒரு படம் வரைய வெச்சேன். அடுத்த வெள்ளி சரியா எழுதினான். மூணாவது நாளும் ஏழாவது நாளும் திரும்பக் கேளு, அன்னைக்குச் சரியா சொன்னதை நம்பி விட்டுடாதே.

ஒலிம்பியாட் தாள்ல இதே ரைமிங் வேற மாதிரி வரும். கரடியைக் குறிக்கிற 'பேர்' கொடுத்து, அதோட ரைம் ஆகிறது எதுன்னு நாலு விடை தருவாங்க: காதுக்கு வர்ற 'இயர்', கேட்பதுக்கு வர்ற 'ஹியர்', பயத்துக்கு வர்ற 'ஃபியர்', நாற்காலி 'சேர்'. முதல் மூணும் கரடி மாதிரியே 'ஈ, ஏ, ஆர்'ல முடியும். கண்ணால பாக்கிற பிள்ளை அதுல ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கும். சரியான விடை சேர். எழுத்தைப் பாக்காம, சத்தம் வராம உதட்டை அசைச்சுச் சொல்லிப் பாக்கச் சொல்லு. ஸ்பெல்லிங் பீயில காது ஏமாத்தும், ஒலிம்பியாட்ல கண்ணு ஏமாத்தும். ரெண்டுக்கும் வேற வேற நாள் பயிற்சி கொடு.

கடைசியா மேடை. வார்த்தையைச் சொல்லி, எழுத்துகளைச் சொல்லி, மறுபடி வார்த்தையைச் சொல்லி முடிக்கணும். பல போட்டிகள்ல முதல்லேருந்து திரும்ப ஆரம்பிக்க விடுவாங்க, ஆனா வாயிலிருந்து வந்த எழுத்தை மாத்த விடமாட்டாங்க. உங்க ஸ்கூல் விதியைக் கேட்டுக்கோ. முக்கியமா, அர்த்தம் கேக்கவும், ஒரு வாக்கியத்துல வெச்சுச் சொல்லச் சொல்லவும் வெட்கப்படாம இருக்கப் பழக்கு. 'நைட்'னு சொன்னா அது இரவா, 'கே'ல ஆரம்பிக்கிற போர்வீரனா? 'ரைட்'னு சொன்னா சரியா, 'டபிள்யூ'ல ஆரம்பிச்சு 'ஈ'ல முடியுற எழுதுவதா? கேட்டாத்தான் தெரியும். வீட்டுல நீ நடுவரா உக்காந்து, வேணும்னே வெறும் 'நைட்'னு மட்டும் சொல்லிட்டு சும்மா இரு. 'அர்த்தம் சொல்லுங்க'ன்னு அவளா கேக்குற வரைக்கும் அடுத்த வார்த்தைக்குப் போகாதே.